த்யூவா, வூவா? பிரான்சுக்கு வந்தவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்விகள்

பாரிஸுக்கும் அதைச் சுற்றிய ஊர்களுக்கும் புதிதாக வந்து பிரெஞ்சு கற்கும் நம்மவர்களிடம் பேசும்போது, வினைச்சொற்களைவிட அதிகம் குழப்புவது இந்த இரண்டு சொற்கள்தான். ஒரே சந்தேகம் வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பக்கத்தில் பதிலையும் வைத்திருக்கிறேன். பிரெஞ்சு ஒலிகளைத் தமிழில் எழுதியிருப்பதால் உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

த்யூன்னா நீ, வூன்னா நீங்க. அவ்வளவுதானே? இதுல என்ன குழப்பம்?

இலக்கணத்தில் அவ்வளவுதான். குழப்பம் பயன்படுத்தும் இடத்தில் வருகிறது. நாம் நீ, நீங்கள் சொல்லும்போது பெரும்பாலும் வயதையும் உறவுமுறையையும் பார்க்கிறோம். மூத்தவர் நம்மை நீ என்பார், நாம் அவரை நீங்கள் என்போம், யாருக்கும் அது உறுத்தாது. இன்றைய பிரான்சில் வயது வந்தவர்கள் இருவருக்கு நடுவே முதலில் பார்க்கப்படுவது நெருக்கம். இருவரும் த்யூ சொல்வார்கள், அல்லது இருவரும் வூ சொல்வார்கள். ஒருவர் மட்டும் த்யூ சொல்லும் இடங்களும் உண்டு, ஆனால் அவை விதிவிலக்கு. கீழே வரும்.

இதனால் நமக்கு இரண்டு பக்கமும் சறுக்கும். எண்பது வயதுப் பாட்டியைப் பேரன் த்யூ என்பான், அதில் மரியாதைக் குறைவு இல்லை. கடையில் நிற்கும் பதினெட்டு வயதுப் பையனை நீங்கள் வூ என்று சொல்லியாக வேண்டும். இந்த இரண்டும் மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உச்சரிப்பு தப்பாப் போனா அர்த்தம் மாறுமா?

வூ நமக்குச் சுலபம். த்யூதான் பிரச்சினை. உதட்டை ஊ சொல்வதுபோல் குவித்துக்கொண்டு, உள்ளே ஈ என்று சொன்னால் அந்த ஒலி வரும். தமிழ்க் காதுக்கு அது த்யூ என்று கேட்கும். அழுத்தமாகத் ‘தூ’ என்றால் ‘எல்லாம்’ என்ற பொருளுள்ள வேறொரு பிரெஞ்சுச் சொல்லாகிவிடும். நம் மொழியில் அந்த ஒலிக்கு என்ன அர்த்தம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தெரியாத ஆள்கிட்ட எதுல ஆரம்பிக்கிறது?

வயது வந்தவர் யாராக இருந்தாலும் வூ. தெருவில் வழி கேட்க, வங்கியில், டாக்டரிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம், பிரிஃபெக்சர் கவுண்டரில், எங்கும் வூதான். சிறு பிள்ளைகளுக்கு த்யூ. நாய், பூனைக்கும் த்யூ. கடவுளுக்கும் த்யூதான்: கத்தோலிக்கர் பொதுவில் சொல்லும் ‘பரலோகத்திலிருக்கிற எங்கள் தந்தையே’ செபம் 1966 வரை வூவில் இருந்தது, அப்புறம் த்யூவுக்கு மாறியது.

இளைஞர்கள் தங்களுக்குள் பேசும்போது மட்டும் முதல் வார்த்தையே த்யூவாக இருக்கும். ஒரே வகுப்பில் படிக்கும் மாணவர்கள், ஒரே அணியில் கால்பந்து ஆடுபவர்கள் வயது பார்க்காமல் த்யூ என்பார்கள். அங்கே போய் வூ என்றால் தவறில்லை, ஆனால் சிரிப்பார்கள்.

கடையில நிக்கிற பையன் என் மகன் வயசு. அவனுக்குமா வூ?

ஆமாம், அவனுக்கும். ஊரில் ‘தம்பி, அந்த டப்பாவை எடு’ என்பது பாசமாகவே படும். இங்கே வேலையில் நிற்கும் ஒருவரைத் தெரியாதவர் த்யூ என்றால், ‘நீ எனக்குக் கீழே’ என்றுதான் அவர் காதில் விழும். அவர் வயது அதை மாற்றாது.

நல்ல செய்தி என்னவென்றால், கடைப் பேச்சில் வூ வரும் இடங்கள் கொஞ்சம்தான், அவையும் அச்சடித்த மாதிரி இருக்கும். பேக்கரியில் நடப்பதைப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் ‘போன்ழூர் மதாம்’. அப்புறம் ‘ஜ வுத்ரே யூன் பகெத், சில் வூ ப்ளே’, அதாவது ஒரு பகெத் வேண்டும், தயவுசெய்து. அவர் ‘எ அவெக் ஸஸி?’ என்பார், கூட வேறு என்ன என்று கேட்கிறார். ‘ஸ ஸரா தூ, மெர்சி’ என்றால் அவ்வளவுதான் என்று பொருள். அவர் ‘போன் ழூர்னே’ என்று வாழ்த்த, நீங்கள் ‘மெர்சி, வூ ஒஸ்ஸி’, உங்களுக்கும், என்று சொல்லிவிட்டு வெளியே வரலாம். மொத்தத்தில் உங்கள் வாயில் இரண்டே வூ.

இதில் வூவைவிட முதலில் சொன்ன போன்ழூர் முக்கியம். அதைச் சொல்லாமல் நேராகப் பொருளைக் கேட்டால், எவ்வளவு வூ போட்டாலும் முகம் இறுகித்தான் இருக்கும். சிலர் பொருள் தருவதற்கு முன் அழுத்தமாக ஒரு போன்ழூர் சொல்லிக் காத்திருப்பார்கள். அது உங்களிடமிருந்து திரும்ப வரவேண்டும் என்பதற்காகத்தான்.

வருஷக்கணக்கா ஒரே பேக்கரி. என் பிள்ளைங்க பேர்கூட அந்தம்மாவுக்குத் தெரியும். இன்னும் வூவா?

பெரும்பாலும் வூதான், அதில் குளிர்ச்சி எதுவும் இல்லை. வூ சொல்லிக்கொண்டே சிரித்துப் பேசலாம், வீட்டுக் கதை கேட்கலாம், கடன்கூடச் சொல்லலாம். மரியாதைச் சொல் இருப்பதால் பாசம் இல்லை என்று நினைக்கத் தேவையில்லை. சந்தையில் காய்கறி விற்பவர்களும் மதுக்கடை முதலாளிகளும் பழகிய வாடிக்கையாளருக்குச் சட்டென்று த்யூ போடுவதுண்டு. அவர்கள் ஆரம்பித்தால் நீங்களும் திரும்பச் சொல்லலாம்.

லா ஷாப்பெல் பக்கம், ஃபோபூர் சென்தெனி தெருவில் இருக்கும் நம் கடைகளில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே தமிழில் அண்ணா, அக்கா என்று பேசிவிட்டு வரலாம். ஆனால் அதே கடையில் வேலை செய்யும், பிரெஞ்சில் பேசும் பிள்ளையிடம் பிரெஞ்சில் பேசினால் பிரெஞ்சு முறைதான்.

புது வேலை. ஆபீஸ்ல எல்லாரும் எனக்கு த்யூ போடறாங்க. மேலாளருக்கு நான் என்ன சொல்ல?

முதலில் இரண்டு விஷயத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒன்று, மேலாளர் உங்களை என்ன சொல்கிறார். இரண்டு, உங்கள் நிலையில் இருக்கும் மற்றவர்கள் அவரை என்ன சொல்கிறார்கள். இரண்டாவதுதான் நம்பகமான சாட்சி. அவர்கள் த்யூ என்றால் நீங்களும் த்யூ. மென்பொருள், விளம்பரம், சின்னப் புது நிறுவனங்கள் போன்ற இடங்களில் முதலாளி வரை த்யூதான், அங்கே விடாமல் வூ சொன்னால் விலகி நிற்பதாக எடுத்துக்கொள்வார்கள். வங்கி, வழக்கறிஞர் அலுவலகம், பழைய பாணி நிறுவனங்களில் சக ஊழியர்களுக்கு த்யூ, மேலிடத்துக்கு வூ என்று ஒரு கோடு இருக்கும். ஆசிரியர்கள் சக ஆசிரியர்களுக்கு த்யூ சொல்வார்கள். தலைமையாசிரியருக்குப் பல இடங்களில் வூ.

நேர்முகத் தேர்வில் எப்போதும் வூவில் தொடங்குங்கள். எதிரில் இருப்பவர் ‘இங்கே எல்லோரும் த்யூதான்’ என்று சொன்னால் மாறிக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு முதல் வாரத்தை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை உங்களை வரவேற்கும் மனிதவளப் பிரிவுப் பெண்மணி வூ சொல்கிறார், நீங்களும் வூ. அடுத்த மேசை ஆள் கை கொடுத்து, பெயரைச் சொல்லி, ‘த்யூ வியான் து?’, எந்த ஊர் என்று கேட்கிறார். அவருக்கு அந்தக் கணத்திலிருந்தே த்யூ, அனுமதி கேட்க வேண்டாம். மேலாளர் வூ சொல்கிறார், ஆனால் மதியச் சாப்பாட்டில் பக்கத்து மேசைக்காரர் மேலாளரை த்யூ என்பது காதில் விழுகிறது. இப்போது என்ன? அவசரப்படாதீர்கள். அவர்கள் சேர்ந்து வேலை செய்து வருடக்கணக்காக இருக்கலாம். நீங்கள் வூவிலேயே இருங்கள். அநேகமாகச் சில நாளில் அவரே, ‘ஓன் ப்ப ஸ த்யூத்வாயே’, நாம் த்யூ சொல்லிக்கொள்ளலாம் என்பார். ‘அவெக் ப்ளெஸீர்’, மகிழ்ச்சியோடு, என்று சொல்லி அடுத்த வாக்கியத்திலேயே த்யூவைப் பயன்படுத்துங்கள். சம்மதம் சொல்லிவிட்டு மறுபடி வூவுக்குப் போனால் அவருக்குத்தான் சங்கடம்.

ரெஸ்டோரன்ட் கிச்சன்ல வேலை. ஷெஃப் என்னை த்யூங்கிறார். நானும் சொல்லலாமா?

மேலே விதிவிலக்கு என்று சொன்னதில் இதுவும் ஒன்று. பல சமையலறைகளில் ஷெஃப் எல்லோரையும் த்யூ என்பார். பதிலுக்கு ‘வி, ஷெஃப்’ என்று வரும், அவருக்கு வூ போகும். காய் நறுக்குபவர், பாத்திரம் கழுவுபவர், பரிமாறுபவர் எல்லோரும் தங்களுக்குள் த்யூ. சின்ன உணவகங்களில் ஷெஃபும் த்யூவில் சேர்ந்துகொள்வார். இங்கேயும் சக தொழிலாளர்கள் வாயைப் பாருங்கள்.

இதில் ஒரு கசப்பான பக்கம் உண்டு. வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்ததும் த்யூவுக்கு இறங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். அது நெருக்கமா இளக்காரமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: அதே வேலை செய்யும் பிரெஞ்சுக்காரரை அவர் எப்படி அழைக்கிறார் என்று கவனியுங்கள். அவருக்கும் த்யூ என்றால் அது அந்த இடத்தின் வழக்கம். அவருக்கு வூ, உங்களுக்கு மட்டும் த்யூ என்றால் உங்கள் சந்தேகம் சரி. அப்போது குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு வாக்கியத்திலும் தெளிவாக வூ சொல்லிக்கொண்டே இருங்கள். பிரெஞ்சுக்காரர்களே தூரத்தைக் காட்ட அப்படித்தான் செய்வார்கள், எதிராளிக்குச் செய்தி போய்ச் சேரும்.

பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லிட்டாங்க. அப்போ த்யூதானே?

இல்லை. பெயரும் த்யூவும் தனித்தனி. ‘மரி, வூ புவே ரெகார்தே?’, மரி, கொஞ்சம் பார்க்கிறீர்களா என்று பெயரையும் வூவையும் சேர்த்துப் பேசுவது அலுவலகங்களில் மிகச் சாதாரணம். பெயர் சொல்ல அனுமதி கிடைத்தால் அது பெயருக்கு மட்டுமான அனுமதி.

யார் முதல்ல த்யூன்னு கேக்கணும்? கேட்டா மறுக்கலாமா?

வயதில் அல்லது பதவியில் மூத்தவர் முன்மொழிவதுதான் முறை. சமநிலையில் இருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மறுக்கலாம்தான், ஆனால் எளிதல்ல. ‘எனக்கு வூ இன்னும் பழக்கமாக இருக்கிறது’ என்று சிரித்துச் சொன்னால் போதும். அதிபராக இருந்த மித்தெரானிடம் கட்சித் தோழர் ஒருவர் த்யூ சொல்லலாமா என்று கேட்க, அவர் ‘நீங்கள் விரும்பியபடி’ என்று வூவிலேயே பதில் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. அந்த மாதிரி மறுப்புக்கு அவர் அளவுக்குத் தடித்த தோல் வேண்டும்.

2018-இல் மோன் வலேரியன் நினைவு நிகழ்ச்சியில் ஒரு பள்ளி மாணவன் அதிபர் மக்ரோனை ‘மனு’ என்று செல்லப் பெயரில் அழைத்தான். ‘மிஸ்யூ என்று சொல்’ என்று அவர் கண்டித்தது செய்தியானது. நமக்குச் சுவாரசியம் வேறு: அவர் கண்டித்தது த்யூவில். பதின்வயதுப் பையன் என்பதால் அது பலருக்கு இயல்பாகவே பட்டது.

மாமியார் பிரெஞ்சுக்காரர். அவங்க என்னை த்யூங்கிறாங்க, நான் வூவிலயே மாட்டிக்கிட்டேன்.

இது இரண்டாவது விதிவிலக்கு, பிரெஞ்சு மருமக்களே திண்டாடும் இடம். இன்று பல குடும்பங்களில் முதல் சாப்பாட்டிலேயே இரு பக்கமும் த்யூ வந்துவிடும். சில குடும்பங்களில் மாமியார் த்யூ சொல்வார், மருமகளோ மருமகனோ வூ சொல்வார், வருடக்கணக்கில் அப்படியே ஓடும். அது பிணக்கு இல்லை, யாரும் மாற்றச் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

உங்கள் துணையிடம் கேட்பதுதான் குறுக்கு வழி. துணையின் அண்ணன் மனைவி மாமியாரை என்ன சொல்கிறார்? அவர் த்யூ என்றால், தனியாக இருக்கும்போது மாமியாரிடம் நேராகக் கேட்டுவிடலாம். வூவே வழக்கம் என்றால் விட்டுவிடுங்கள். நமக்கு அத்தையை நீங்கள் என்பதில் என்ன கஷ்டம்?

என் மகன் பாட்டியையும் டீச்சரையும் பிரெஞ்சுல த்யூங்கிறான். கண்டிக்கணுமா?

பாட்டி விஷயம் முதல் பதிலிலேயே இருக்கிறது: அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, சித்தப்பா எல்லோரும் பிரெஞ்சில் த்யூ. வீட்டில் தமிழில் நீங்கள் என்றும் பிரெஞ்சில் த்யூ என்றும் பேசும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கு இரண்டும் கலக்காது, பெற்றோருக்குத்தான் கலங்கும்.

டீச்சர் விஷயத்தில் வயது பார்க்க வேண்டும். மத்தெர்னெல் எனும் மழலையர் பள்ளியில் ஆசிரியையை த்யூ என்பது சகஜம். ஆரம்பப் பள்ளியில் மெல்ல வூ கற்றுத் தருவார்கள். கொலேஜ் போகும் வயதில், அதாவது பதினொன்றை ஒட்டி, ஆசிரியருக்கு வூ கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் மாணவரை த்யூ என்பது அப்போதும் தொடரும்.

கணவன் மனைவிகூட வூ சொல்வாங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம்தான், ஆனால் மிக அரிது. பழைய மேட்டுக்குடிக் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அதிபராக இருந்த ஜாக் ஷிராக்கும் மனைவி பெர்னதெத்தும் வூ சொல்லிக்கொண்டவர்கள். கல்யாணம் செய்துகொள்ளாமலே துணையாக இருந்த எழுத்தாளர்கள் சார்த்தரும் சிமோன் து போவுவாரும் அப்படியே. நீங்கள் பின்பற்ற வேண்டிய விஷயமில்லை.

வாய் தவறி த்யூ சொல்லிட்டா என்ன செய்ய?

‘பார்தோன், வூ’ என்று திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். நீண்ட மன்னிப்பு வேண்டாம். உச்சரிப்பிலேயே நீங்கள் புதியவர் என்று தெரியும், யாரும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

உண்மையில் நம்மவர் வாயில் அதிகம் கேட்கும் பிழை வேறு. ஒரே வாக்கியத்தில் இரண்டும் கலந்துவிடும். ‘த்யூ ப்ப மெதே, சில் வூ ப்ளே?’ என்று நண்பரிடம் உதவி கேட்பார்கள். சில் வூ ப்ளே ஒரே சொல்லாக மனதில் பதிந்துவிட்டதால் வருவது இது. த்யூ என்றால் சில் த ப்ளே. அதேபோல் ‘உன்’ என்பது தோன், தா, தே. ‘உங்கள்’ என்பது வோத்ர், வோ. ‘நலமா, நீ?’ என்று திருப்பிக் கேட்கும்போது எ துவா அல்லது எ வூ. இந்தச் சின்னச் சொற்களையும் கூடவே மாற்றினால்தான் வாக்கியம் ஒழுங்காக நிற்கும்.

எதைச் சொல்றதுன்னே தெரியலைன்னா?

பிரெஞ்சுக்காரர்களே செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. இரண்டு சொல்லும் வராதபடி வாக்கியத்தைத் திருப்பிவிடுவார்கள். ‘ஸா வா?’ என்று நலம் கேட்கலாம், அதில் நீயும் இல்லை நீங்களும் இல்லை. ‘நீங்கள் எப்போது வருகிறீர்கள்’ என்பதற்குப் பதில் ‘ஓன் ஸ வுவா கோன்?’, நாம் எப்போது பார்க்கிறோம் என்று கேட்கலாம். ஒரு நாள் தாக்குப் பிடிக்கும். அதற்குள் எதிராளி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார்.

மீட்டிங்ல நண்பனும் டைரக்டரும் ஒண்ணா இருக்காங்க. நண்பனுக்கும் வூவா?

இருவரையும் சேர்த்துப் பேசினால் வூதான், ஏனென்றால் பன்மைக்கு வேறு சொல்லே இல்லை. நெருங்கிய நண்பர்கள் இருவரைப் பார்த்துச் சொன்னாலும் வூதான், அதில் மரியாதைக் கணக்கு கிடையாது. தனித்தனியாகத் திரும்பும்போது அவரவருக்கு வழக்கமானதைச் சொல்லுங்கள். டைரக்டர் முன்னால் நண்பனை வூ என்று கூப்பிடத் தேவையில்லை. வெளி வாடிக்கையாளர் முன்னால் சிலர் சக ஊழியருக்கும் வூ போடுவார்கள், அவர்கள் செய்தால் நீங்களும் செய்யலாம்.

போலீஸ்காரர் த்யூன்னு பேசினா?

பேசக்கூடாது. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள போலீஸ், ஜாந்தார்மரி நடத்தை விதித்தொகுப்பு, பொதுமக்களிடம் வூ பயன்படுத்த வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நடைமுறையில் மீறல் நடக்கிறது. உங்களுக்கு நேர்ந்தால் அந்த இடத்தில் இலக்கணப் பாடம் எடுக்காதீர்கள். நீங்கள் வூவிலேயே பேசுங்கள். புகார் செய்வதானால் நேரம், இடம், சீருடையில் தெரியும் எண் ஆகியவற்றைக் குறித்துவைத்துப் பின்னர் எழுதிக் கொடுங்கள்.

மேலதிகாரி அம்மாவுக்கு மெயில் எழுதறேன். வூ பன்மைதானே, அப்போ எல்லாத்துக்கும் பன்மை விகுதி போடணுமா?

வினைக்குப் போட வேண்டும், மற்றவற்றுக்கு வேண்டாம். வினை எப்போதும் பன்மை வடிவம். ஆனால் அவரை விவரிக்கும் பெயரடையும் வினையெச்சமும் அவர் ஒருவர் என்பதால் ஒருமையில், பெண் என்பதால் பெண்பாலில் நிற்கும். பெண் ஒருவரிடம் ‘நீங்கள் வந்தீர்கள்’ என்றால் முதல் வரி, பெண்கள் பலரிடம் என்றால் இரண்டாவது:

```
Vous êtes venue.
Vous êtes venues.
```

இரண்டும் காதுக்கு ஒன்றுதான், அதனால் பேச்சில் தப்பித்துவிடலாம், எழுத்தில் மாட்டுவோம். அனுப்புவதற்கு முன் அந்த கடைசி எழுத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள்.